மூடக்கூடாத ஓட்டை: பெருநாடிகள் இடம் மாறிப் பிறக்கும் குழந்தையின் முதல் இரண்டு கிழமைகள்

"இதயத்தில் ஓட்டை" என்றால் நமக்கு உடனே விளங்கிவிடும். ஓட்டை என்றால் நோய், அதை மூட வேண்டும். ஆனால் பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அம்புலன்ஸில் வந்துசேரும் பச்சிளம் குழந்தைகளில் சிலரின் பெற்றோரிடம் வைத்தியர்கள் நேர்மாறாகச் சொல்வார்கள்: "ஓட்டை போதாது, பெரிதாக்க வேண்டும்." பிள்ளை நீலமாகக் கிடக்கிறது, ஒட்சிசன் கொடுத்தும் ஏறவில்லை, இதில் இதயத்தைக் கிழித்துப் பெரிதாக்கப்போகிறார்களா என்று குடும்பம் கலங்கிப்போகும். அந்தக் கலக்கத்துக்கு விடை அந்தக் குழந்தையின் இரத்தம் ஓடும் வழியில் இருக்கிறது.

இந்தக் குறைபாட்டின் பெயர் பெருநாடிகள் இடம் மாறியிருத்தல். வாட்டில் ரீ.ஜீ.ஏ. என்பார்கள். இதற்குப் பல வடிவங்கள் உண்டு. கீழறைகளுக்கு நடுவே ஓட்டை ஏதும் இல்லாத வடிவத்தையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். மிகவும் அவசரமானது அதுதான்.

## இரண்டு வட்டங்கள்

வழக்கமான இதயத்தில் இரத்தம் எட்டு வடிவத்தில் ஒரே பாதையாக ஓடுகிறது. உடலிலிருந்து வரும் நீல இரத்தம் வலது மேலறைக்கும் வலது கீழறைக்கும் வந்து, நுரையீரல் நாடி வழியாக நுரையீரலுக்குப் போகிறது. அங்கே ஒட்சிசன் ஏறிச் சிவந்து, இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் வந்து, பெருநாடி வழியாக உடலுக்குப் போகிறது.

ரீ.ஜீ.ஏ. குழந்தையில் அறைகள் எல்லாம் சரியான இடத்தில் இருக்கின்றன. அவற்றிலிருந்து வெளியேறும் இரண்டு பெருங்குழாய்கள் மட்டும் மாறிப் பொருந்தியிருக்கின்றன. பெருநாடி வலது கீழறையிலிருந்து புறப்படுகிறது, நுரையீரல் நாடி இடது கீழறையிலிருந்து புறப்படுகிறது. அதனால் எட்டு வடிவம் உடைந்து, ஒன்றையொன்று தொடாத இரண்டு வட்டங்களாகிவிடுகிறது.

1. நீல வட்டம்: உடலிலிருந்து வந்த இரத்தம் நுரையீரலைக் காணாமலே மீண்டும் உடலுக்குப் போகிறது.
2. சிவப்பு வட்டம்: நுரையீரலிலிருந்து வந்த இரத்தம் உடலைக் காணாமலே மீண்டும் நுரையீரலுக்குப் போகிறது.

இரண்டு வட்டமும் முற்றாகப் பிரிந்திருந்தால் குழந்தை சில நிமிடங்களுக்கு மேல் உயிரோடு இருக்க முடியாது. பிறந்த குழந்தை உயிரோடு இருக்கிறது என்றால் எங்கேயோ ஓரிடத்தில் இரண்டும் கலக்கின்றன என்று பொருள்.

தாயின் வயிற்றில் இந்தக் குழந்தைக்குப் பெரிய தொல்லை இல்லை. ஒட்சிசன் அங்கே நஞ்சுக்கொடியால் வருகிறது, நுரையீரலுக்கு அந்த வேலை இல்லை. ஆகவே குழந்தை நல்ல நிறையோடு, கொழுகொழுவென்றே பிறக்கும். கர்ப்பகால ஸ்கேனிலும் இது தப்பிவிடலாம். நான்கு அறைகளை மட்டும் பார்க்கும் காட்சியில் இதயம் முழுமையாகத்தான் தெரியும். வெளியேறும் குழாய்களைத் தேடிப் பார்க்க வேண்டும்: வழக்கமாக ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் அவை, இங்கே துப்பாக்கியின் இரட்டைக் குழல்போல் பக்கம் பக்கமாக ஓடும்.

## கலப்பு நடக்கும் இடங்கள்

பிறந்தவுடன் எல்லாக் குழந்தைகளிடமும் இரண்டு தற்காலிக வழிகள் திறந்திருக்கும். ஒன்று, மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் இருக்கும் நீள்வட்டத் துளை. மற்றது, பெருநாடியையும் நுரையீரல் நாடியையும் இணைக்கும் டக்டஸ் என்ற குறுங்குழாய். மற்றக் குழந்தைகளுக்கு இவை தேவையில்லை, பிறந்த பின் தாமாகவே அடைபட்டுவிடும். டக்டஸ் முதல் சில நாட்களுக்குள் சுருங்கி மூடும். ரீ.ஜீ.ஏ. குழந்தைக்கு அந்த மூடல்தான் ஆபத்து. பிறந்த அன்று ஓரளவு சிவப்பாக இருந்த பிள்ளை அடுத்த நாள் கருநீலமாவதற்குக் காரணம் இதுவே.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு வட்டத்திலிருந்து மற்ற வட்டத்துக்கு எவ்வளவு இரத்தம் போகிறதோ, அதே அளவு திரும்பி வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று நிரம்பி வழியும், மற்றது வற்றும். நுரையீரலின் தடை குறைந்தபின் டக்டஸில் இரத்தம் பெரும்பாலும் ஒரே திசையில்தான் ஓடும்: பெருநாடியிலிருந்து நுரையீரல் நாடிக்கு. அப்படி உள்ளே போன இரத்தம் சிவந்து, இடது மேலறையிலிருந்து வலது மேலறைக்குத் திரும்பி வர மேலறைத் துளை வேண்டும். துளை ஊசிமுனை அளவில் இருந்தால், டக்டஸ் எவ்வளவு அகலமாகத் திறந்திருந்தாலும் பயனில்லை. இடது மேலறையில் அழுத்தம் ஏறி நுரையீரலில் நீர் கோக்கும். பிள்ளை நீலமாகவும் இருக்கும், மூச்சும் வாங்கும். ஆக உயிரைத் தாங்குவது முதலில் மேலறைத் துளை, அதற்குப் பிறகுதான் டக்டஸ்.

## ஒரு கணக்கு

எவ்வளவு கலந்தால் போதும்? 3 கிலோ நிறையுள்ள ஒரு குழந்தையை உதாரணமாக எடுத்து, எளிமையாக்கிக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

அந்தக் குழந்தையின் உடல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 மில்லிலீற்றர் ஒட்சிசனைச் செலவிடுகிறது. நீல வட்டத்தில் நிமிடத்துக்கு 600 மில்லிலீற்றர் இரத்தம் ஓடுகிறது. ஒரு லீற்றர் இரத்தம் முழுக்கச் சிவந்தால் 220 மில்லிலீற்றர் ஒட்சிசனைச் சுமக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 600 மில்லிலீற்றர் இரத்தம் 20 மில்லிலீற்றர் ஒட்சிசனைக் கொடுத்துவிட்டு வரும்போது அதன் ஒட்சிசன் செறிவு 15 சதவீதம் குறையும்.

இனி வட்டங்களுக்கிடையே மாறும் அளவைப் பார்ப்போம். சிவப்பு வட்டத்திலிருந்து வரும் இரத்தத்தின் செறிவு 98 சதவீதம்.

1. நிமிடத்துக்கு 240 மில்லிலீற்றர் மாறினால், உடலுக்குப் போகும் இரத்தத்தின் செறிவு ஏறக்குறைய 75 சதவீதத்தில் நிற்கும். பிள்ளை நீலம்தான், ஆனாலும் தாங்கும்.
2. 150 மில்லிலீற்றர் மட்டும் மாறினால் செறிவு 52 சதவீதத்துக்கு இறங்கும். இரத்தத்தில் அமிலம் சேரத் தொடங்கும்.
3. 100 மில்லிலீற்றர் என்றால் கணக்கு 22 சதவீதத்தைக் காட்டும். அந்த நிலையில் உயிர் தங்காது.

முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு வித்தியாசம் நிமிடத்துக்கு 90 மில்லிலீற்றர்தான், ஒரு சின்னத் தேநீர்க் கோப்பையளவு. துளை சற்றே சுருங்கினாலும் பிள்ளை சரசரவென இறங்குவது இதனால்தான்.

ஒட்சிசன் கொடுத்தும் ஏன் ஏறவில்லை என்பதும் இதே கணக்கில் தெரிகிறது. முகமூடியால் கொடுக்கும் ஒட்சிசன் நுரையீரலுக்குப் போகிறது. அங்கே ஓடுவது சிவப்பு வட்டத்தின் இரத்தம், அது ஏற்கெனவே 98 சதவீதம். 98 ஐ 100 ஆக்கினால் நீல வட்டத்துக்கு என்ன கிடைக்கப்போகிறது? நிறையக் கொடுத்தும் செறிவு ஏறாமல் இருப்பதே, குறை நுரையீரலில் அல்ல இதயத்தில் என்று வைத்தியருக்குச் சொல்லும் தடயம்.

## எப்படிக் கண்டுபிடிப்பது

நம் நிறத்துப் பிள்ளைகளில் தோலைப் பார்த்து நீலத்தைக் கண்டுபிடிப்பது கடினம். நகமும் உதட்டோரமும் குளிரிலும் நீலமாகும். நாக்கையும் ஈறையும் பார்க்க வேண்டும். இன்னொரு ஏமாற்று, இந்தப் பிள்ளைக்குப் பெரும்பாலும் மூச்சு இளைக்காது. சற்று வேகமாக மூச்சு விடும், அவ்வளவுதான். ஸ்டெதஸ்கோப்பில் மர்மரச் சத்தமும் கேட்காமல் இருக்கலாம். "இதயத்தில் சத்தம் இல்லை" என்று சொன்னால் இதயம் நன்றாக இருக்கிறது என்று இங்கே எடுத்துக்கொள்ள முடியாது.

ஒக்சிமீற்றரை வலது கையிலும் ஒரு காலிலும் வைத்துப் பார்ப்பதே எளிய சோதனை. ஏதாவதொன்றில் 90 க்குக் கீழே இருந்தால் உடனே இதய மருத்துவரை அழைக்க வேண்டும். சில ரீ.ஜீ.ஏ. குழந்தைகளில் கையைவிடக் காலில் அதிகம் காட்டும். நுரையீரல் அழுத்தம் உயர்ந்திருக்கும்போது சிவப்பு வட்டத்தின் இரத்தம் டக்டஸ் வழியாக உடலின் கீழ்ப்பாதிக்குப் போவதால் இப்படி ஆகும். கை 62, கால் 80 என்று வந்தால் கருவி பிழை என்று விட்டுவிடக் கூடாது. வேறு நோய்களில் இப்படிக் காண்பது மிக அரிது. எக்கோ பரிசோதனை செய்தால் முடிவு தெரிந்துவிடும்.

## வழியைத் திறந்து வைத்தல்

முதல் மருந்து புரொஸ்டகிளான்டின். டக்டஸைச் சுருங்க விடாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. அளவு மிகச் சிறியது என்பதால் கலக்கும்போது பிழை வர இடமுண்டு. அதே 3 கிலோ குழந்தைக்கு, ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.02 மைக்ரோகிராம் வீதம் கொடுப்பதானால் மணிக்கு 3.6 மைக்ரோகிராம் வரும். 500 மைக்ரோகிராம் மருந்தை மொத்தம் 50 மில்லிலீற்றராகக் கரைத்தால், ஒரு மில்லிலீற்றரில் 10 மைக்ரோகிராம். ஆகவே ஊசிப் பம்ப் மணிக்கு 0.36 மில்லிலீற்றர் ஓட வேண்டும். தசமப் புள்ளி ஓரிடம் தள்ளினால் பத்து மடங்கு மருந்து போகும்.

இந்த மருந்தில் காய்ச்சல் வரலாம், இரத்த அழுத்தம் குறையலாம். எல்லாவற்றிலும் பயப்பட வேண்டியது மூச்சு நின்றுபோவது. மட்டக்களப்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்புக்கு வரும் அம்புலன்ஸில் 300 கிலோமீற்றருக்கும் மேலான பாதையில் இது நடக்கலாம். ஆகவே செயற்கைச் சுவாசம் கொடுக்கத் தெரிந்த ஒருவர், பையும் முகமூடியும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, கூடவே வர வேண்டும். மருந்து ஏறும் வழி ஒன்று பழுதானால் மாற்றுவதற்கு இரண்டாவது நாளவழியும் போட்டிருக்க வேண்டும்.

மருந்து ஓடியும் செறிவு ஏறவில்லை என்றால், மேலறைத் துளை போதவில்லை. அப்போதுதான் பலூன். வில்லியம் ரஷ்கின்ட் 1966 இல் அறிமுகப்படுத்திய முறை இது. தொப்புள் நாளம் அல்லது தொடை நாளம் வழியாக மெல்லிய குழாயொன்றை வலது மேலறைக்கும், துளையூடாக இடது மேலறைக்கும் செலுத்துவார்கள். பலூன் இடது மேலறைக்குள்தான் இருக்கிறது, வால்வுக்குள் நுழைந்துவிடவில்லை என்பதை எக்கோவில் உறுதி செய்வார்கள். பிறகு சில மில்லிலீற்றர் திரவத்தால் நிரப்பி, வெடுக்கென்று ஒரே இழுப்பில் வலது மேலறைக்கு இழுப்பார்கள். சுவரின் மெல்லிய பகுதி கிழியும். மெதுவாக இழுத்தால் துளை விரிந்து கொடுத்துவிட்டு மீண்டும் சுருங்கிவிடும், ஆகவே கிழியத்தான் வேண்டும். சரியாக நடந்தால் சில நிமிடங்களிலேயே 50 களில் இருந்த எண் 70 களுக்கு ஏறுவதைத் திரையில் பார்க்கலாம்.

பெற்றோர் ஒன்றை மனதில் வைக்க வேண்டும்: இதனால் நோய் தீரவில்லை. 75 என்ற எண் நல்ல எண்ணாவது சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்கும் நாட்களுக்கு மட்டும்தான்.

## ஏன் அவசரம்: மெலியும் இடது கீழறை

கலப்பு நன்றாக இருந்தால் ஆறுதலாகச் செய்யலாமே என்று கேட்பது இயல்பு. அதற்கு இடது கீழறை விடமாட்டாது.

பிறக்கும்போது நுரையீரலின் தடை அதிகம். இடது கீழறை அந்தத் தடைக்கெதிராகத் தள்ளிப் பழகியிருப்பதால் அதன் தசை தடிப்பாக இருக்கும். பிறந்தபின் நாளுக்கு நாள் தடை குறைகிறது. வேலை குறைந்த தசை மெலிகிறது. ஆனால் சத்திரசிகிச்சைக்குப் பின் முழு உடலுக்கும் இரத்தம் தள்ளப்போவது அந்தக் கீழறைதான். ஆகவே முதல் இரண்டு கிழமைகளுக்குள் செய்துவிடவே மருத்துவர்கள் முயல்வார்கள். மூன்று, நான்கு கிழமைகள் கடந்தால் தாங்குமா என்று சந்தேகிக்க வேண்டியிருக்கும். எக்கோவில் இதை நேரே காணலாம்: கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவர் இடது பக்கம் வளைந்து, இடது கீழறை வாழைப்பழம்போல் ஒடுங்கித் தெரியும்.

துடக்குக் கழிந்து 31 ஆம் நாளுக்குப் பிறகு பார்க்கலாம் என்று வீட்டில் மூத்தவர் யாராவது சொன்னால், அந்த 31 நாளுக்குள் இந்த வாய்ப்பு மூடிவிடலாம் என்பதை அவருக்கு விளங்கப்படுத்த வேண்டும். பிந்திவிட்டால் வழியே இல்லை என்பதில்லை. நுரையீரல் நாடியைச் சுற்றி ஒரு பட்டியைக் கட்டி இறுக்கி, கீழறைக்கு மீண்டும் பயிற்சி கொடுத்து, சில நாட்கள் கழித்து மாற்றும் முறையும் உண்டு. ஆனால் அது இரண்டு சத்திரசிகிச்சை, கூடுதல் ஆபத்து.

கீழறைச் சுவரிலும் பெரிய ஓட்டை இருக்கும் குழந்தைக்கு இடது கீழறை அழுத்தத்தை இழப்பதில்லை, சற்றே நேரம் கிடைக்கும். ஆனாலும் நுரையீரலின் இரத்தக் குழாய்கள் கெட்டுவிடும் என்பதால் மாதக்கணக்கில் தள்ள முடியாது.

## நாடிகளை மாற்றும் சத்திரசிகிச்சை

பெருங்குழாய் இரண்டையும் வெட்டி மாற்றித் தைப்பது என்பது எல்லோருக்கும் உடனே தோன்றும் தீர்வு. ஆயினும் அது வெற்றி கண்டது 1975 இல்தான், பிரேசிலின் சாவோ பாவுலோவில், அடிப் ஜாதெனேயின் கையால். அதற்குமுன் சென்னிங், மஸ்டார்ட் ஆகியோரின் முறைகளில் மேலறைகளுக்குள் சுவர் கட்டி இரத்தத்தைத் திசை திருப்பினார்கள். உயிர் பிழைத்தது, ஆனால் உடலுக்குத் தள்ளும் வேலை வலது கீழறையிடமே இருந்ததால் பல ஆண்டுகளின் பின் அது சோர்ந்தது. நேரடி வழியை அடைத்து நின்றவை முடியுரு நாடிகள். இதயத் தசைக்கே இரத்தம் கொடுக்கும் இந்தச் சிறு நாடிகள் பெருநாடியின் அடியிலிருந்து புறப்படுகின்றன. பெருநாடியை மட்டும் மாற்றினால் இவை நீல இரத்தத்தோடு பின்தங்கிவிடும். அவற்றையும் பெயர்த்து நட வேண்டும். பச்சிளம் குழந்தையில் அவற்றின் தடிப்பு ஓர் இடியப்ப இழை அளவுதான்.

படிகள் சுருக்கமாக:

1. நெஞ்செலும்பைப் பிளந்து, இதயத்தைச் சுற்றியுள்ள சவ்வில் ஒரு துண்டை ஒட்டுப்போட எடுத்து வைப்பார்கள்.
2. இதய நுரையீரல் இயந்திரத்தில் இணைப்பார்கள். 3 கிலோ குழந்தையின் உடலில் மொத்த இரத்தமே ஏறக்குறைய 250 மில்லிலீற்றர்தான். இயந்திரத்தின் குழாய்களை நிரப்பத் தானம் பெற்ற இரத்தம் வேண்டும், அதற்காகவே உறவினரிடம் இரத்தம் கேட்கப்படுகிறது.
3. டக்டஸைக் கட்டி வெட்டுவார்கள். பெருநாடியைக் கவ்வி, குளிர்ந்த திரவம் செலுத்தி இதயத்தை நிறுத்துவார்கள்.
4. பெருநாடியையும் நுரையீரல் நாடியையும் வால்வுகளுக்குச் சற்று மேலே குறுக்கே வெட்டுவார்கள். வால்வுகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.
5. முடியுரு நாடி இரண்டையும், அவை புறப்படும் சுவரின் ஒரு சிறு வட்டத்தோடு, சட்டைப் பொத்தான்போல் வெட்டியெடுப்பார்கள். அவற்றை நுரையீரல் நாடியின் பழைய அடியில், அதாவது புதிய பெருநாடியின் அடியில், நட்டுத் தைப்பார்கள்.
6. நுரையீரல் நாடியின் கிளைகளைப் பெருநாடிக்கு முன்னால் கொண்டுவருவார்கள். லெகொம்ப் 1981 இல் காட்டிய உத்தி இது, இடையில் செயற்கைக் குழாய் வைக்கும் தேவையை நீக்கியது. பிறகு பெருநாடியை இடது கீழறையின் அடியோடு இணைப்பார்கள்.
7. பொத்தான்கள் பெயர்த்த பள்ளங்களில் எடுத்து வைத்த சவ்வை ஒட்டுப்போட்டு, நுரையீரல் நாடியை வலது கீழறையின் அடியோடு இணைப்பார்கள்.
8. பலூனால் கிழித்துப் பெரிதாக்கிய மேலறைத் துளையை மூடுவார்கள். இரத்தம் இனி எட்டு வடிவத்தில் ஓடும், கலப்புக்கு வேலையில்லை.

முழுச் சத்திரசிகிச்சையின் தலைவிதி ஐந்தாவது படியில் இருக்கிறது. முடியுரு நாடி சற்றே முறுகினாலோ இழுபட்டாலோ, இரத்தம் நிறைந்து நாடிகள் விரிந்தபின் நசிந்தாலோ இதயத் தசை பட்டினி கிடக்கும். ஈ.சி.ஜீ. கோடு மாறும், இடது கீழறையின் ஒரு பகுதி அசையாது, இடது மேலறையின் அழுத்தம் ஏறும், துடிப்பு தாறுமாறாகும். அந்த நேரத்தில் மருந்தைக் கூட்டிக்கொண்டு காத்திருப்பது பிழை. தையலைப் பிரித்து மீண்டும் நட வேண்டியிருக்கலாம். நாடி பெருநாடிச் சுவருக்குள்ளேயே சிறிது தூரம் ஓடும் குழந்தைகளில் ஆபத்து கூடுதல், அதனால்தான் முன்கூட்டியே எக்கோவில் அதன் போக்கைத் தேடுகிறார்கள்.

முதல் ஓரிரு நாட்கள் நெஞ்சைத் தைக்காமல் திறந்து, மூடுதிரை போட்டு வைத்திருப்பதும் உண்டு. வீங்கிய இதயம் நசியாமலிருக்கவே இந்த ஏற்பாடு. தாய் தகப்பன் உள்ளே போய்ப் பார்க்குமுன் இதைத் தாதியர் சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் கண்டவர்கள் அங்கேயே நிலைகுலைந்துவிடுவார்கள். மெலிந்த இடது கீழறை புதிய வேலைக்குப் பழகும் நாட்களும் இவையே.

சிகிச்சையே இல்லாவிட்டால் இந்தக் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. அனுபவமுள்ள மையங்களில் இன்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் பிழைக்கிறார்கள்.

## வளர்ந்தபின் பார்க்க வேண்டியவை

பிள்ளை பள்ளிக்கூடம் போகும், ஓடும், விளையாடும். ஆனால் ஆண்டுதோறும் இதய கிளினிக்கை விட முடியாது. மூன்றைத் தேடுகிறார்கள்.

1. நுரையீரல் நாடி தைத்த இடத்தில் ஒடுங்கியிருக்கிறதா. மறுபடி சிகிச்சை தேவைப்படுவதற்கு அதிகம் காரணமாவது இதுதான். பலூனாலோ ஸ்டென்ட்டாலோ விரிக்கலாம்.
2. புதிய பெருநாடியின் அடி விரிகிறதா, வால்வு ஒழுகுகிறதா. நுரையீரல் பக்கத்துக்கென்று உருவான சுவரும் வால்வும் இப்போது உயர் அழுத்தத்தைத் தாங்குகின்றன.
3. நட்ட முடியுரு நாடிகள் ஒடுங்குகின்றனவா. நாடிகளை வெட்டும்போது இதயத்துக்குப் போகும் நரம்புகளும் அறுபடுவதால், தசைக்கு இரத்தம் போதாவிட்டாலும் நெஞ்சுவலி தெரியாமல் போகலாம். வலி இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உடற்பயிற்சிச் சோதனையும், பிள்ளை வளர்ந்தபின் நாடிகளின் சீ.ரீ. ஸ்கேனும் இதற்காகவே. ஓடும்போது மயங்கி விழுந்தால் அன்றே கொண்டுவர வேண்டும்.

வைத்தியசாலையிலிருந்து வீடு போகுமுன் சத்திரசிகிச்சைக் குறிப்பின் பிரதியொன்றைக் கேட்டு வாங்குங்கள். முடியுரு நாடிகள் எந்த அமைப்பில் இருந்தன, எப்படி நடப்பட்டன என்பது அதில் எழுதியிருக்கும். பிள்ளை பெரியவர்களின் கிளினிக்குக்கு மாறும்போதோ குடும்பம் வெளிநாடு போகும்போதோ புதிய வைத்தியர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.